கிராம், வடிவம், நச்சு, நோய்: நாலையும் ஒரே மரத்துல தொங்கவிட முடியுமா?

ஊதாக்கறை | மார்ச் 3, இரவு 9.40

ரெண்டாம் வருஷ பாக்டீரியாலஜி முழுசையும் ஒரே மரமா வரைஞ்சிட்டேன். அடிமரம் கிராம் சாயம். அதுல ரெண்டு கிளை, பாசிட்டிவ், நெகட்டிவ். அடுத்த பிரிவு வடிவம், அதுக்குக் கீழ நச்சு, நுனியில நோய். என் வாதம்: இந்த வரிசை மட்டும் தலையில இருந்தா அத்தியாயம் அத்தியாயமா மறுபடி புரட்டவே வேண்டாம். எந்தக் கேள்வி வந்தாலும் அடியிலருந்து நுனிக்கு ஏறிப் போயிடலாம்.

மாதிரிக்கு ஒரு கிளை. கிராம் பாசிட்டிவ் கோல் வடிவம் எடுத்துக்கோங்க. முதல் கேள்வி ஸ்போர் உண்டா? உண்டுன்னா அடுத்த கேள்வி, காத்து வேணுமா? வேணும்னா பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், பேசில்லஸ் சீரியஸ். ஆகாதுன்னா டெட்டனி, பொட்டுலினம், பெர்ஃப்ரின்ஜென்ஸ், டிஃபிசில். ஸ்போர் இல்லைன்னா கோரினிபாக்டீரியம் டிப்தீரியே, லிஸ்டீரியா. ஒவ்வொண்ணுக்கும் கீழ அதோட நச்சு, அதுக்குக் கீழ நோய்.

ஓட்டை இருந்தா சொல்லுங்க.

கேள்வித்தாள்கட்டு | மார்ச் 3, இரவு 10.15

இவ்வளவு கிளை எதுக்கு ப்ரோ? நச்சுக்கு ஒரே வரி போதும். பாசிட்டிவ்னா எக்ஸோடாக்ஸின், நெகட்டிவ்னா எண்டோடாக்ஸின். பத்து வருஷத் தாள் பார்த்தாச்சு, "வேறுபடுத்துக" கேள்விக்கு இதான் பதில். எக்ஸோ புரதம், சூடு பட்டா கெடும், டாக்ஸாய்ட் ஆக்கலாம். எண்டோ லிப்போபாலிசாக்கரைட், சூடு தாங்கும், டாக்ஸாய்ட் ஆகாது. முடிஞ்சது.

ஸ்லைடுபெட்டி | மார்ச் 4, காலை 6.50

கேள்வித்தாள்கட்டு சொல்வதில் பாதி சரி. எண்டோடாக்ஸின் கிராம் நெகட்டிவ் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள், ஆகவே அது நெகட்டிவுக்கு மட்டும்தான். ஆனால் அதைத் திருப்பிப் போட முடியாது. எக்ஸோடாக்ஸினை இரண்டு பக்கமும் வெளியே விடுகின்றன. காலரா நெகட்டிவ். கக்குவான் இருமல் நெகட்டிவ். ஷிகெல்லா நெகட்டிவ். இந்த மூன்றிலும் தேர்வாளர் கேட்பது எக்ஸோடாக்ஸினைத்தான். உங்கள் ஒற்றை வரியோடு காலரா கேள்விக்குப் போனால் "எண்டோடாக்ஸின்" என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

இது மாணவர் மட்டும் செய்த தவறு அல்ல. காலராக் கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கவேண்டும் என்று கோஹ் 1884லேயே ஊகித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பலரும் அதை எண்டோடாக்ஸினாகவே தேடினார்கள். 1959ல்தான் கல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் கட்டிய குடல் துண்டுக்குள் செலுத்தி, அது நீர் கோத்து உப்புவதைக் காட்டினார். கிருமி உள்ளே இல்லை, விஷம் மட்டும் இருக்கிறது, குடல் நிறைகிறது. எக்ஸோடாக்ஸின் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

இப்போது ஊதாக்கறையின் மரத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு பிரிவும் நிற்கும். கிராம் என்பது செல்சுவர், வடிவம் என்பதும் அந்தச் சுவர் கொடுக்கும் உருவம். இரண்டும் கிருமியின் உடம்பில் இருப்பவை. மூன்றாவது பிரிவில்தான் மரம் முறிகிறது. நச்சு மரபணு பல கிருமிகளில் ஃபேஜ் வழியாகவோ பிளாஸ்மிட் வழியாகவோ வந்து சேர்ந்தது. டிப்தீரியா நச்சின் மரபணு ஃபேஜில் இருக்கிறது, ஃபேஜ் இல்லாத அதே கிருமி அந்த நச்சைத் தயாரிக்காது. டெட்டனஸ் நச்சும் ஆந்த்ராக்ஸ் நச்சும் பிளாஸ்மிடில். வெளியிலிருந்து வந்த சரக்கு கிளைப் பிரிவுக்குக் கட்டுப்படாது.

ஒரே ஓர் உதாரணம் பாருங்கள். டிப்தீரியா நச்சு ஈஎஃப்-2 என்ற காரணியை முடக்கிப் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது. சூடோமோனாஸின் எக்ஸோடாக்ஸின் ஏ அதே காரணியை, அதே வேதிவினையால் முடக்குகிறது. முன்னது பாசிட்டிவ் கோல், பின்னது நெகட்டிவ் கோல். உங்கள் மரத்தில் இந்த இரண்டும் எதிரெதிர்க் கிளை நுனிகளில் இருக்கும். தேர்வாளரோ இரண்டையும் ஒரே கேள்வியில் வைப்பார்.

ஊதாக்கறை | மார்ச் 4, பகல் 1.20

சார், ஒத்துக்கிறேன். ஆனா நச்சை மரத்துலருந்து வெட்டி எடுத்தா நோய்க்குப் போற பாதையும் போயிடுமே? டிப்தீரியான்னா அந்த நச்சுதான் நோயே. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

தொழுவம் | மார்ச் 5, மாலை 4.05

நான் கால்நடை மருத்துவப் பக்கம். தொண்டை அடைப்பானை யாரோ கிராம் பாசிட்டிவ்ல போட்டிருக்கீங்க, அது தப்பு. தொண்டை அடைப்பான் பாஸ்டுரெல்லா மல்டோசிடா. கிராம் நெகட்டிவ், குட்டையான கோல், ரத்த ஸ்மியர்ல லீஷ்மன் போட்டா ரெண்டு முனையும் மட்டும் அடர்த்தியா பிடிக்கும். எருமைக்கு மழைக்காலத்துல வரும், தொண்டை வீங்கும், சில மணி நேரத்துலயே செத்துப்போகும். அடைப்பான்னு வெறுமனே சொன்னாதான் ஆந்த்ராக்ஸ், அது கிராம் பாசிட்டிவ். சப்பை நோய் கிளாஸ்ட்ரிடியம் சோவியை. மூணையும் குழப்பாதீங்க.

ஊதாக்கறை | மார்ச் 5, மாலை 5.30

நான் டிப்தீரியான்னுதானே எழுதினேன்! மனுஷ மருத்துவத் தமிழ்ல டிப்தீரியாவுக்கு தொண்டை அடைப்பான்னு பேர், அதை நீங்களே போட்டுப் படிச்சிட்டீங்க போல.

ஆனா இது எனக்கு உபயோகம். ஒரே பேருக்கு மாட்டுல ஒரு கிருமி, மனுஷன்ல ஒரு கிருமி, வெறும் "அடைப்பான்"னா மூணாவது. நோய்ப் பேரை அடிமரமா வெச்சிருந்தா மொத்தமும் சாஞ்சிருக்கும்.

தொழுவம் | மார்ச் 5, மாலை 5.48

ஓ, டிப்தீரியாவா. எங்க ஊர்ல தொண்டை அடைப்பான்னா எருமைதான் ஞாபகம் வரும். சரி, ஆனா பாஸ்டுரெல்லாவை உங்க மரத்துல எங்க வெச்சிருக்கீங்க? காணோமே.

லேப்வாசல் | மார்ச் 6, இரவு 8.30

நச்சை எங்க வைக்கிறதுன்னு நீங்க பேசுங்க. அடிமரமே ஆட்டம் காணற இடத்தை நான் சொல்றேன். கிராம் சாயத்தைக் கண்ணை மூடிட்டு நம்பி முதல் கிளையைப் பிரிக்கிறீங்க. ஸ்லைடுல அப்படி நடக்காது.

போடற முறை எல்லாருக்கும் தெரியும். சூட்டுல ஒட்டவெச்ச ஸ்மியர் மேல கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிஷம், கழுவு. அயோடின் ஒரு நிமிஷம், கழுவு. அப்புறம் நிறம் நீக்கறது. அசிட்டோன்னா ரெண்டு மூணு செகண்ட், ஆல்கஹால்னா பத்திலருந்து முப்பது செகண்ட், ஊதா வழியறது நின்ன உடனே தண்ணி. கடைசியா சாஃப்ரனின் முப்பதிலருந்து அறுபது செகண்ட்.

கெடறது எப்பவுமே மூணாவது படியில. அசிட்டோனை அஞ்சாறு செகண்ட் விட்டீங்கன்னா ஸ்டஃபிலோகாக்கஸே சிவப்பா தெரியும். குறைவா விட்டாலோ ஸ்மியர் தடிமனா இருந்தாலோ ஈ.கோலை ஊதாவா நிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சீழ் ஸ்லைடுன்னா முதல்ல கிருமியைப் பார்க்காதீங்க, சீழ் செல்லோட உட்கருவைப் பாருங்க. அது சிவப்பா இருக்கணும். ஊதாவா இருந்தா நிறம் சரியா நீங்கலை, அந்த இடத்துல "கிராம் பாசிட்டிவ்"னு எதையும் எழுதக்கூடாது. கல்ச்சர்லருந்து போட்டா சீழ் செல் இருக்காது, அதனால அதே ஸ்லைடோட ஓரத்துல தெரிஞ்ச ஸ்டஃப் ஒரு பொட்டு, ஈ.கோலை ஒரு பொட்டு.

உங்க பாசிட்டிவ் கோல் கிளையிலயே பெரிய ஆபத்து இருக்கு. கிளாஸ்ட்ரிடியம் ரெண்டு நாள் பழசான கல்ச்சர்லருந்து எடுத்தா சுவர் தளர்ந்து பாதி சிவப்பாத்தான் வரும். ஒரே ஃபீல்டுல ஊதாக் கோலும் சிவப்புக் கோலும் கலந்து இருந்தா ரெண்டு கிருமின்னு எழுதறதுக்கு முன்னாடி கல்ச்சரோட வயசைக் கேளுங்க. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச நோயாளியோட நியூமோகாக்கஸும் இதே மாதிரி ஏமாத்தும். நெகட்டிவ் பக்கம் அசினெட்டோபாக்டர் ஊதாவைப் பிடிச்சுட்டு விடாது, குட்டையா உருண்டையா வேற இருக்கும், காக்கஸ்னு எழுதிடுவாங்க.

ஊதாக்கறை | மார்ச் 8, இரவு 11.10

மூணு நாளா இதேதான் மண்டைக்குள்ள. மரத்தை வெட்டியாச்சு. இப்போ ரெண்டு தாள்.

முதல் தாள் முகவரித் தாள். ஏ4ஐ நாலா மடிச்சு நாலு கட்டம்: பாசிட்டிவ் காக்கஸ், பாசிட்டிவ் கோல், நெகட்டிவ் காக்கஸ், நெகட்டிவ் கோல். கீழ ஓரத்துல ஒரு பட்டை, கிராம் தாளுக்குள்ள வராதவங்களுக்கு: மைக்கோபாக்டீரியம் மெழுகுச் சுவர்னால, மைக்கோபிளாஸ்மா சுவரே இல்லாததால, டிரெப்போனிமா சாதா மைக்ராஸ்கோப்ல தெரியாத ஒல்லிங்கறதால, கிளமிடியாவும் ரிக்கெட்சியாவும் செல்லுக்குள்ள ஒளியறதால. காரணத்தை ஒரு வார்த்தையில பக்கத்துல எழுதணும், ஏன்னா கேள்வி அந்தக் காரணத்துலருந்துதான் வருது.

ஒரு கிருமி இந்தத் தாள்ல ஒரே தடவைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரன்கிட்டருந்து அதைப் பிரிக்கற ஒரே ஒரு குறி மட்டும். ஆந்த்ராசிஸ் நகராது, சீரியஸ் நகரும். அவ்வளவுதான். காலனி எப்படி இருக்கும், எந்த மீடியம், எல்லாம் எழுத ஆரம்பிச்சா தாள் புத்தகமாயிடும்.

ரெண்டாவது தாள் நச்சுத் தாள். கிராமும் வடிவமும் இங்க கிடையாது. நச்சு உடம்புல என்ன பண்ணுதுங்கறதை வெச்சு அஞ்சு வரிசை:

அ. புரதத் தயாரிப்பை நிறுத்தறது: டிப்தீரியா, சூடோமோனாஸ், ஷிகா நச்சு, ஈ.கோலை ஓ157ஓட ஷிகா நச்சு
ஆ. சைக்ளிக் ஏஎம்பியை ஏத்தறது: காலரா, ஈ.கோலையோட சூடு தாங்காத நச்சு, கக்குவான், ஆந்த்ராக்ஸோட எடிமா ஃபாக்டர்
இ. நரம்பு முனையில கை வைக்கறது: டெட்டனஸ், பொட்டுலினம்
ஈ. செல் சவ்வைக் கிழிக்கறது: பெர்ஃப்ரின்ஜென்ஸ் ஆல்ஃபா, ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, லிஸ்டீரியோலைசின்
உ. டி செல்லைக் கண்டபடி எழுப்பிவிடறது: ஸ்டஃபோட டிஎஸ்எஸ்டி-1, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸோட எரித்ரோஜெனிக் நச்சு

இந்தத் தாள்ல ஒரே கிருமி எத்தனை வரிசையில வேணும்னாலும் வரலாம். முதல் தாள்ல கிருமிப் பேருக்குப் பக்கத்துல அந்த எழுத்தை மட்டும் போட்டா ரெண்டு தாளும் இணைஞ்சிடும். டிப்தீரியே பக்கத்துல "அ". ஆந்த்ராசிஸ் பக்கத்துல "ஆ".

நோய்க்குத் தனித் தாள் கிடையாது. நோய் கேள்வியா வரும், அங்கருந்து பின்னாடி நடக்கணும்.

கேள்வித்தாள்கட்டு | மார்ச் 8, இரவு 11.42

என் எண்டோடாக்ஸினை எங்கயும் காணோம்? அதுவும் நச்சுதானே.

ஊதாக்கறை | மார்ச் 9, காலை 7.15

அது நெகட்டிவ் பக்கம் எல்லாருக்கும் பொது, கட்டத்தோட தலைப்புலயே ஒரு தடவை எழுதிட்டேன். தனியா பேர் சொல்லிக் குறிச்சது மெனிஞ்ஜோகாக்கஸுக்கு மட்டும். தோல்ல ரத்தப் புள்ளி, ஷாக், அட்ரினல்ல ரத்தக்கசிவு, எல்லாத்துக்கும் பின்னாடி அதுதான்.

ஸ்லைடுபெட்டி | மார்ச் 9, காலை 8.30

இப்போது நிற்கிறது. ஆனால் எழுத்து மட்டும் போட்டால் இரண்டு இடங்களில் சறுக்குவீர்கள்.

முதலாவது, "ஆ" வரிசை. நான்கும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றுகின்றன, ஆனால் ஒரே வழியில் அல்ல. காலரா நச்சு முடுக்கும் புரதமான ஜிஎஸ்ஸை இயங்கு நிலையிலேயே பூட்டிவிடுகிறது. ஈ.கோலையின் சூடு தாங்காத நச்சும் அப்படியே. கக்குவான் நச்சு தடுக்கும் புரதமான ஜிஐயை முடக்குகிறது. எடிமா ஃபாக்டர் இந்த இரண்டு புரதத்தையும் தொடாமல் தானே சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும் நொதியாக இருக்கிறது. வண்டியை வைத்துச் சொன்னால் முதலாவது ஆக்சிலரேட்டரில் கல்லை வைப்பது, இரண்டாவது பிரேக் கம்பியை அறுப்பது, மூன்றாவது தன் சொந்த எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுவது. வரிசைக்குள் இந்த மூன்று குறியையும் வரையுங்கள்.

இரண்டாவது, "இ" வரிசை. டெட்டனஸ் ஒரு மாதிரி வெட்டுகிறது, பொட்டுலினம் வேறு மாதிரி, அதனால்தான் ஒன்று விறைப்பு, மற்றது தளர்ச்சி என்று விடைத்தாளில் தவறாக எழுதுகிறார்கள். பொட்டுலினம் பி வகை வெட்டுவதும் டெட்டனஸ் வெட்டுவதும் ஒரே புரதம், சினாப்டோபிரெவின். நோயை மாற்றுவது இடம். பொட்டுலினம் நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே நின்று அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது, தசைக்குக் கட்டளை வரவில்லை, தளர்கிறது. டெட்டனஸ் நச்சு நரம்பின் உள்ளே தண்டுவடம்வரை ஏறிப்போய், தசையை அடக்கிவைக்கும் நரம்பு செல்லின் கிளைசினையும் காபாவையும் தடுக்கிறது. அடக்குபவன் வாய் அடைபட்டால் தசை விறைக்கிறது. ஆகவே "இ" வரிசையில் நச்சின் செயலுக்குப் பக்கத்தில் இடத்தையும் எழுதவேண்டும்.

இட்லிப்பானை | மார்ச் 9, பகல் 2.00

நான் மெடிக்கல் இல்லை, நர்சிங் முதலாம் ஆண்டு. சந்தேகம். ராத்திரி வெளியே வெச்ச ஃப்ரைட் ரைஸைக் காலையில நல்லா சூடு பண்ணி சாப்பிட்டும் ரெண்டு மணி நேரத்துல வாந்தி. சூடு பண்ணா எக்ஸோடாக்ஸின் கெடும்னு மேலே போட்டிருக்கீங்களே?

லேப்வாசல் | மார்ச் 9, மாலை 6.20

பாப்பா, "சூட்டுல கெடும்"கறது பொதுவான பேச்சு. ரெண்டு பேர் அதுக்கு அடங்க மாட்டாங்க. ஸ்டஃபோட என்டரோடாக்ஸின் கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். பேசில்லஸ் சீரியஸோட வாந்தி நச்சு குக்கர் சூட்டையே தாங்கும். சோறு வேகும்போது சீரியஸ் ஸ்போர் சாகறதில்ல, வெளியே வெச்ச சோத்துல முளைச்சு, நச்சை சோத்துக்குள்ளயே தயாரிச்சு வெச்சிடும். காலையில சூடு பண்ணும்போது கிருமி சாகும், விஷம் நிக்கும்.

ஊதாக்கறை | மார்ச் 9, இரவு 9.05

இதுல எனக்கு ஒரு பாடம் இருக்கு. நச்சு எங்க தயாராகுதுங்கறதும் ஒரு குறி. சாப்பாட்டுலயே தயாரா இருந்தா ஒண்ணுலருந்து ஆறு மணி நேரத்துல வாந்தி: ஸ்டஃப், சீரியஸோட வாந்தி வகை. உள்ள போய்த் தயாராகணும்னா எட்டுலருந்து பதினாறு மணி நேரம், வாந்தியைவிட பேதிதான் முன்னாடி நிக்கும்: பெர்ஃப்ரின்ஜென்ஸ், சீரியஸோட பேதி வகை. நச்சுத் தாள்ல பேருக்கு மேல ஒரு சின்ன கடிகாரம் வரைஞ்சிட்டேன். கேள்வியில மணி நேரம் குடுத்திருந்தா அதுதான் விடை.

சீரியஸுக்கு ரெண்டு கடிகாரம்.

ஊதாக்கறை | மார்ச் 10, இரவு 10.20

ரெண்டு தாளையும் வெச்சு ஒரு கேஸை முழுசா நடத்திப் பார்க்கறேன். தப்பினா பிடிங்க.

ஆறு வயசுப் பையன், தடுப்பூசி பாதியில நின்னுபோச்சு. மூணு நாளா லேசான காய்ச்சல், தொண்டை வலி. டான்சில் மேல சாம்பல் நிறப் படலம், பிரிச்சா ரத்தம் வருது. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. காய்ச்சல் லேசு, ஆனா பையன் ரொம்ப சோர்ந்து கிடக்கான். ரெண்டாவது வாரம் இதயத் துடிப்பு தாறுமாறு.

முதல்ல நச்சுத் தாள். கிருமி தொண்டையிலயே நிக்குது, இதயம் கெடுது. கிருமி போகாத இடத்துல சேதம்னா நச்சு ரத்தத்துல பயணம் பண்ணியிருக்கு. செல் செத்துப் படலமா ஒட்டியிருக்கு, இதயத் தசையும் சாகுது, அப்போ செல்லோட பிழைப்பையே நிறுத்தற வரிசை, "அ". அதுல நாலு பேர். ஷிகா நச்சுக்காரங்க ரெண்டு பேரும் குடல்ல ஆரம்பிப்பாங்க, விலக்கலாம். சூடோமோனாஸ் தீக்காயம், வென்டிலேட்டர்னு ஏற்கெனவே பலவீனமான உடம்பைத் தேடும். மிச்சம் டிப்தீரியே.

இப்போ முகவரித் தாள். பாசிட்டிவ் கோல் கட்டம், ஸ்போர் இல்லாத பக்கம், பக்கத்து வீடு லிஸ்டீரியா. பிரிக்கற குறி: ஆல்பர்ட் சாயத்துல பச்சைக் கோலுக்குள்ள கருநீல மணி.

இங்க முகவரித் தாளோட எல்லையும் தெரியுது. தொண்டையில சும்மா குடியிருக்கற டிப்தீராய்டுகளும் கிராம் பாசிட்டிவ் கோல்தான். கிராம் ஸ்லைடை மட்டும் வெச்சு இது நோய்க்கிருமின்னு சொல்ல முடியாது. மணி தெரிஞ்சாக்கூட, ஃபேஜ் உள்ள இருக்கா, நச்சு தயாரிக்குதாங்கறதை ஸ்லைடு சொல்லாது. அதுக்கு எலெக் ஜெல் சோதனை.

கடைசியா சிகிச்சை. இதுவும் "அ"வுக்குள்ளயே இருக்கு. செல்லுக்குள்ள நுழைஞ்ச நச்சை ஆன்டிடாக்ஸின் தொடாது, ரத்தத்துல சுத்தற நச்சைத்தான் பிடிக்கும். அதனால லேப் முடிவுக்குக் காத்திருக்காம சந்தேகத்துலயே ஆன்டிடாக்ஸின் குடுக்கணும். பெனிசிலினோ எரித்ரோமைசினோ கூடவே போகும், அது புதுசா நச்சு தயாரிக்கறதை நிறுத்த. ஆன்டிபயாட்டிக் மட்டும்னு எழுதினா மார்க் போகும், ஏன் போகும்னு தாளே சொல்லுது.

லேப்வாசல் | மார்ச் 11, காலை 7.40

ஓட்டம் சரி. ஒரு திருத்தம். மணி நல்லா தெரியணும்னா லோஃப்லர் சீரம் ஸ்லோப்ல வளர்ந்ததை எடுக்கணும், ஆறு எட்டு மணி நேரத்துலயே ஸ்மியர் போடலாம். டெல்லூரைட்ல கருப்பு காலனி வர ரெண்டு நாள் ஆகும், அதுல எடுத்த ஸ்மியர்ல மணி அவ்வளவு எடுப்பா இருக்காது. பிராக்டிகல்ல "மணி இல்லை, அதனால டிப்தீரியா இல்லை"ன்னு எழுதிட்டு வந்து நிப்பாங்க. எந்த மீடியம்லருந்து வந்த ஸ்லைடுன்னு முதல்ல கேக்கணும்.

இன்னொண்ணு. "பேசில்லஸ்"னு கட்டத் தலைப்பு போடாம "கோல்"னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கு ஒரு சபாஷ். பேசில்லஸ் வடிவத்துக்கும் பேர், ஆந்த்ராசிஸோட பேரினத்துக்கும் பேர். வைவால அந்த ஒரு வார்த்தையால பாதிப் பேர் மாட்டுவாங்க.

கேள்வித்தாள்கட்டு | மார்ச் 11, பகல் 1.10

கேஸ் கேள்விக்கு ஓகே. நெகட்டிவ் கோல் கட்டத்தைக் காட்டுங்க பார்ப்போம். இருபது பேர் அந்த ஒரே கட்டத்துல. எல்லாம் கோல், எல்லாம் சிவப்பு. வடிவம் அங்க என்ன பிரிக்குது?

ஊதாக்கறை | மார்ச் 11, இரவு 9.50

பிடிச்சிட்டீங்க. வடிவம் அங்க வளைஞ்சதை மட்டும்தான் பிரிச்சுக் குடுக்குது: விப்ரியோ, கேம்பிலோபாக்டர், ஹெலிகோபாக்டர். நேரா இருக்கறவங்களுக்கு வடிவத்தை விட்டுட்டு மெக்காங்கி தட்டைப் பிடிச்சேன். லாக்டோஸைப் புளிக்கவெச்சு இளஞ்சிவப்பாகறவங்க, ஈ.கோலை, கிளெப்சியெல்லா. வெளிறிப் போறவங்க, சால்மொனெல்லா, ஷிகெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ். வெளிறினவங்கள்ல ஆக்சிடேஸ் போட்டா சூடோமோனாஸ் மட்டும் தனியா நிக்கும். அதே மாதிரி பாசிட்டிவ் காக்கஸ்லயும் கொத்தா சங்கிலியான்னு பார்த்து எழுதாம கேட்டலேஸ் போட்டேன், ஸ்லைடுல கொத்தும் சங்கிலியும் எப்பவும் ஒழுங்கா தெரியறதில்ல.

அப்போ "கிராம், வடிவம்"ங்கறது ரெண்டு படிக்கு மட்டும்தான் சரி. மூணாவது படி கட்டத்துக்குக் கட்டம் மாறும். பாசிட்டிவ் கோலுக்கு ஸ்போர், நெகட்டிவ் கோலுக்கு லாக்டோஸ், பாசிட்டிவ் காக்கஸுக்கு கேட்டலேஸ். முதல் நாள் நான் எல்லாத்துக்கும் ஒரே மூணாவது படி தேடினதுதான் தப்பு.

ஸ்லைடுபெட்டி | மார்ச் 12, காலை 6.40

இந்தத் தாள் எதைப் பிடிக்காது என்பதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. 1992 இறுதியில் சென்னையில் காலரா கிளம்பியது. கிராம் அதே, வளைவு அதே, நச்சு அதே, நோயும் அதே. ஆனால் அதுவரை காலராப் பரவலை உண்டாக்கிய ஓ1க்கு எதிரான சீரத்தோடு அது ஒட்டவில்லை. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். மாறியது முக்கியமாக மேற்பரப்புச் சர்க்கரைதான், ஆகவே ஓ1க்கு எதிர்ப்பு இருந்த பெரியவர்களுக்கும் நோய் வந்தது. உங்கள் இரண்டு தாளிலும் ஓர் எழுத்துகூட மாறாது. விப்ரியோ வரியில் அந்த இரண்டு எண்களைக் கையால் சேர்க்கத்தான் வேண்டும்.

ஊதாக்கறை | மார்ச் 13, இரவு 10.00

சேர்த்தாச்சு. இப்போ பயிற்சி இப்படி ஓடுது: வெள்ளைத் தாள்ல முகவரித் தாளை நினைவுலருந்து எழுத பத்து நிமிஷம், நச்சுத் தாளுக்கு அஞ்சு. சிவப்புப் பேனாவுல விட்டுப்போனதை நிரப்பறேன். அடுத்த நாள் சிவப்பா இருந்ததை மட்டும் எழுதறேன். பாசிட்டிவ் கோல்ல மூணாவது நாள் சிவப்பே இல்ல. நெகட்டிவ் கோல்ல இன்னும் ரத்தக்களறி.

ஆனா அஞ்சு வரிசையில அடங்காதவங்க சிலர் இருக்காங்க. ஸ்டஃபோட எக்ஸ்ஃபோலியாட்டின் தோல் செல்லுங்களை ஒட்டவெக்கற டெஸ்மோக்ளீன்-1ஐ வெட்டுது. ஆந்த்ராக்ஸோட லீத்தல் ஃபாக்டர் செல்லுக்குள்ள சமிக்ஞைப் புரதத்தை வெட்டுது. டிஃபிசிலோட ரெண்டு நச்சும் செல்லோட எலும்புக்கூட்டைக் குலைக்குது. ஆறாவதா "ஊ, மற்றவை"ன்னு போட்டுடட்டுமா?

கேள்வித்தாள்கட்டு | மார்ச் 13, இரவு 10.25

போடுங்க. எல்லாத் தாள்லயும் கடைசி வரி "மற்றவை"தான்.

ஸ்லைடுபெட்டி | மார்ச் 14, காலை 6.55

நான் போடமாட்டேன். "மற்றவை" என்ற வரிசைக்குள் போனது எதுவும் நினைவில் நிற்காது, அவற்றுக்குள் ஒட்டும் பொதுச்சரடு இல்லையே. எக்ஸ்ஃபோலியாட்டினையும் லீத்தல் ஃபாக்டரையும் "புரதத்தை வெட்டுபவை" என்று ஒரு வரிசையாக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் டெட்டனஸும் பொட்டுலினமும் அங்கேதான் வரவேண்டும், அவையும் வெட்டுபவைதான். வரிசையை வேதிவினையால் பிரிப்பதா, பாதிக்கும் இடத்தால் பிரிப்பதா என்ற கேள்வி அது. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

லேப்வாசல் | மார்ச் 14, பகல் 12.30

எனக்கு இடம்தான் சரின்னு படுது. நோயாளி இடத்தைத்தான் காட்டுவான், வேதிவினையைக் காட்டமாட்டான்.

ஊதாக்கறை | மார்ச் 14, இரவு 9.15

இப்போதைக்கு மூணு பேரையும் வரிசைக்கு வெளியே ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன். விசித்திரம் என்னன்னா, ஓரத்துல இருக்கறதாலயே அந்த மூணும்தான் இப்போ நல்லா ஞாபகம் இருக்கு.

தொழுவம் | மார்ச் 15, காலை 9.00

பாஸ்டுரெல்லாவை எங்க வெச்சீங்கன்னு இன்னும் சொல்லவே இல்ல. நெகட்டிவ் கோல்தான், ஆனா மெக்காங்கில வளரவே வளராது. உங்க லாக்டோஸ் படியில அது இளஞ்சிவப்பும் இல்ல, வெளிறினதும் இல்ல.

ஊதாக்கறை | மார்ச் 15, காலை 9.20

அடப்பாவமே. மெக்காங்கில வளராதவங்களுக்கு ஒரு வரி விடணும். ஹீமோஃபிலஸும் கக்குவான் கிருமியும்கூட அங்கதான் போகும். தாளை மறுபடி மடிக்கறேன்.